தொட்டி மட்டம்: மைனஸ் 3.2 மீட்டர்

ஊராட்சி மேல்நிலைத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து மீட்டர் ஆழம். அடியில் ஒரு அழுத்த சென்சார். தண்ணீர் ஏற ஏற அது 0 முதல் 5 வோல்ட் வரை தரும். அதைப் படித்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகை. நிரல் மூன்றே வரி:

```
int mattam = analogRead(A0) * 50 / 1023;
if (mattam < 20) digitalWrite(PUMP, HIGH);
if (mattam > 45) digitalWrite(PUMP, LOW);
```

பலகை வோல்ட்டை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. அதை 50-ஆல் பெருக்கி 1023-ஆல் வகுத்தால் தண்ணீர் மட்டம் பத்து சென்டிமீட்டர் கணக்கில் கிடைக்கும். 20 என்றால் இரண்டு மீட்டர், 45 என்றால் நாலரை மீட்டர். இரண்டு மீட்டருக்குக் கீழே போனால் மோட்டார் ஓட வேண்டும், நாலரையைத் தாண்டினால் நிற்க வேண்டும். படித்துப் பார்த்தால் பிழை எதுவும் கண்ணில் படாது. தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது சோதித்தால் 25 என்று சரியாகவே காட்டும்.

ஆனால் இந்த மோட்டார் நிற்காது. தண்ணீர் 3.2 மீட்டரைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் பலகையின் கணக்கில் மட்டம் மைனஸ் 3.2 மீட்டர் ஆகிவிடும். மைனஸ் 32 என்பது 20-ஐவிடக் குறைவுதானே? எனவே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி விளிம்புவரை நிரம்பும்போதுகூட கணக்கு மைனஸ் 14-இல்தான் நிற்கும். 45 என்ற எண்ணை இந்த நிரல் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

ஊனோவில் `int` என்றால் 16 பிட். அதில் மைனஸ் 32,768 முதல் 32,767 வரைதான் அடங்கும். சென்சார் எண் 655 ஆக இருக்கும்போது 655 × 50 = 32,750; இடம் போதும். அடுத்த எண் 656. அதை 50-ஆல் பெருக்கினால் 32,800. இது வரம்பைத் தாண்டிவிட்டது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் முள் 99999-க்குப் பிறகு 00000 ஆகிவிடுவதுபோல இதுவும் சுற்றிக்கொள்கிறது. ஆனால் பூச்சியத்துக்கு வராமல் நேரே மைனஸின் அடிமட்டத்துக்கே போய்விடுகிறது. 32,800-இலிருந்து 65,536-ஐக் கழித்தால் மைனஸ் 32,736. அதை 1023-ஆல் வகுத்தால் மைனஸ் 32.

நமக்கு வேண்டிய விடை 50-க்குள் அடங்கும் சின்ன எண்தான். அதை வைக்க 16 பிட் தாராளமாகப் போதும். வரம்பை மீறியது விடையல்ல, விடைக்குப் போகும் வழியில் பிறந்த பெருக்குத்தொகை. அதை யாரும் எந்த மாறியிலும் சேமிக்கவில்லை, எந்தத் திரையிலும் காட்டவில்லை. கண்ணில் படாமல் பிறந்து கண்ணில் படாமல் கெட்டுப்போன எண் அது. இதே மூன்று வரியை, `int` 32 பிட்டாகவும் சென்சார் எண் இதேபோல 0 முதல் 1023 வரையாகவும் உள்ள வேறொரு பலகையில் போட்டால் ஒழுங்காக ஓடும். “அந்தத் தொட்டியில ஆறு மாசமா ஓடுது சார்” என்று நிரலை அப்படியே எடுத்து ஊனோவில் ஏற்றுகிறவர் பொய் சொல்லவில்லை.

சரிசெய்ய ஒரே ஓர் எழுத்து போதும். 50 என்பதை `50L` என்று எழுதினால் பெருக்கல் 32 பிட்டில் நடக்கும். ஆனால் பலரும் முதலில் கைவைப்பது இடப்பக்கத்தில். `int mattam` என்பதை `long mattam` என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். விடை போய் உட்காரும் இடம்தான் பெரிதாகிறது. பெருக்கல் அதற்கு முன்பே 16 பிட்டில் நடந்து முடிந்து, கெட்டும் போயிருக்கும். இன்னும் சிலர் பெருக்குத்தொகை பெரிதாகாமல் இருக்க முதலில் வகுத்துப் பிறகு பெருக்குவார்கள். முழு எண் வகுத்தலில் மீதி காணாமல் போய்விடும் என்பதால் 1022-ஐ 1023-ஆல் வகுத்தாலும் பூச்சியம்தான். தொட்டி விளிம்புவரை நிரம்பி எண் 1023-ஐத் தொடும்வரை அது காலி என்றே பலகை நம்பும். மோட்டார் அதுவரை நிற்காது.

பிஎல்சிக்காரர்களுக்கு இந்தப் பாடம் சீக்கிரமே வந்துவிடும். சீமென்ஸ் எஸ்7 வகைகளில் 4–20 மில்லிஆம்ப் சிக்னல் 0 முதல் 27,648 வரையிலான எண்ணாக வருகிறது. அதை `INT`-இலேயே 50-ஆல் பெருக்கினால் சிக்னல் இரண்டரை சதவீதத்தை எட்டுவதற்குள் கணக்கு மைனஸுக்குப் போய்விடும். மெஷினை ஓட்டிப் பார்க்கும் முதல் மணி நேரத்திலேயே பிழை தெரிந்துவிடும் என்பதால் இது அவ்வளவு ஆபத்தில்லை. வரம்பு மீறும்போது ஒவ்வொரு பிஎல்சியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது என்பதைமட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எஸ்7 வகையில் எண் சுற்றிக்கொள்ளும். மீறிவிட்டது என்று ஒரு ஸ்டேட்டஸ் பிட் ஏறும், அதை யாராவது படித்தால்தான் உண்டு. ஆலன்-பிராட்லியின் பழைய எஸ்எல்சி 500-இலோ `S:5/0` என்ற பிட் ஏறும். ஸ்கேன் முடிவதற்குள் அதை அழிக்காவிட்டால் சிபியு ஃபால்ட் ஆகி மெஷினே நின்றுவிடும். இரவு ஷிப்டில் மெஷின் நின்றால் எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் மட்டம் மைனஸ் 3.2 மீட்டர் என்று அடித்துச் சொல்லிக்கொண்டே ஓடுவதற்கு அது பரவாயில்லை என்பேன்.

முழு எண்ணில் இப்படி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அடுத்துப் போகுமிடம் `REAL`. தசமப் புள்ளி உள்ள எண், எவ்வளவு பெரிதானாலும் தாங்கும், வகுத்தாலும் மீதி போகாது. எல்லாவற்றையும் `REAL`-இல் வைத்துவிட்டால் நிம்மதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மட்டம், அழுத்தம், வெப்பநிலை போன்ற அளவுகளுக்கு அது சரியும்கூட. கூட்டிக்கொண்டே போகும் கணக்கில்தான் `REAL` காலைவாரும். அந்தச் சறுக்கல் முதல் நாளில் தெரிவதில்லை.

ஒரு பம்ப் ஹவுஸில் மொத்தம் எத்தனை கனமீட்டர் தண்ணீர் போனது என்று கணக்கு வைக்க வேண்டும். ஃப்ளோ மீட்டர் மணிக்கு 36 கனமீட்டர் என்று காட்டுகிறது. அதாவது நொடிக்கு பத்து லிட்டர். பிஎல்சி 100 மில்லிநொடிக்கு ஒருமுறை இந்த வரியை ஓட்டுகிறது:

```
total := total + flow * 0.1 / 3600.0;
```

ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர், அதாவது 0.001 கனமீட்டர், மொத்தத்தில் சேர வேண்டும். அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் 18 கனமீட்டர் ஏறியிருக்கும். கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிடலாம்.

`REAL` 32 பிட் எண். அதில் இலக்கங்களுக்கு உள்ள இடம் 24 பிட். நம் பத்தடிமான எண்ணில் சொன்னால் ஏறக்குறைய ஏழு இலக்கம். எண் சிறிதாக இருந்தால் அந்த ஏழு இலக்கமும் புள்ளிக்கு வலப்பக்கம் நிற்கும், துல்லியம் அபாரமாக இருக்கும். எண் பெரிதாக ஆக, இலக்கங்கள் புள்ளிக்கு இடப்பக்கம் நகர்ந்துவிடும். வலப்பக்கம் நிற்க ஆளிருக்காது. இதன் விளைவாக `REAL`-ஆல் எழுதக்கூடிய இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையில் ஓர் இடைவெளி உண்டு, எண் ஒவ்வொரு முறை இருமடங்காகும்போதும் அந்த இடைவெளியும் இருமடங்காகும். 1-க்குப் பக்கத்தில் அது ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கம். 8,192-ஐத் தாண்டினால் 0.00098. 16,384-ஐத் தாண்டினால் 0.00195. 32,768-ஐத் தாண்டினால் 0.0039. கூட்டல் விடை இரண்டு எண்களுக்கு நடுவில் விழுந்தால் பிஎல்சி எது அருகிலிருக்கிறதோ அங்கே கொண்டுபோய் ஒட்டிவிடும்.

இப்போது அந்த 0.001-ஐப் பின்தொடர்ந்து போவோம். மொத்தம் 512 கனமீட்டர் ஆகும்வரை, அதாவது சுமார் 14 மணி நேரம், பிழை ஒரு சதவீதத்துக்குள்ளேயே இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டலும் 0.001-க்குப் பதில் 0.000977 ஆக ஒட்டப்படும். மீட்டர் 2.3 சதவீதம் குறைத்துக் காட்டத் தொடங்குகிறது. இப்படியே சுமார் 19 நாள் ஓடும். மொத்தம் 16,384-ஐத் தொட்டதும் நிலைமை தலைகீழாகிறது. இங்கே இடைவெளி 0.00195. அதில் பாதி 0.00098. நாம் கூட்டும் 0.001 அந்தப் பாதியைக் கொஞ்சம் தாண்டி இருப்பதால் மேல்பக்கம் ஒட்டப்படுகிறது. ஒரு லிட்டர் போனால் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் ஏறும். அடுத்த பத்து நாளுக்குக் கணக்கு ஏறக்குறைய இரட்டை வேகத்தில் ஓடும். 29 நாள் முடிந்ததும் மொத்தம் 32,768-க்கு வந்துவிடும். உண்மையில் போன தண்ணீரோ 25,150 கனமீட்டர்தான். அங்கே இடைவெளி 0.0039, அதில் பாதி 0.00195. 0.001 அந்தப் பாதியைத் தொடவில்லை. எனவே 32,768-உடன் 0.001-ஐக் கூட்டினால் விடை 32,768. மறுபடி கூட்டினாலும் 32,768. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஃப்ளோ மீட்டர் 36 என்று காட்டிக்கொண்டிருக்கும், மொத்தக் கணக்கு மட்டும் இனி அசையாது. எந்த அலாரமும் அடிக்காது, எந்த ஸ்டேட்டஸ் பிட்டும் ஏறாது. பிஎல்சியைப் பொறுத்தவரை இது சரியாகச் செய்யப்பட்ட கூட்டல்.

இதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. மணிக்கு 36 என்பதற்குப் பதில் 35 கனமீட்டர் ஓடியிருந்தால்? ஒவ்வொரு முறையும் கூட்டுவது 0.000972. 16,384-க்கு மேலே இது பாதி இடைவெளியைத் தொடாது. எனவே 36-க்கு இரட்டிப்பாக ஓடும் அதே கணக்கு 35-க்கு அங்கேயே உறைந்து நிற்கும். பகலில் 36-உம் இரவில் 30-உம் ஓடும் பம்ப் ஹவுஸாக இருந்தால் பகல் தண்ணீர் இரண்டாக எண்ணப்படும், இரவுத் தண்ணீர் எண்ணப்படவே படாது. மாதக் கடைசியில் வரும் எண் நம்பும்படியாகக்கூட இருக்கலாம். முழுதாக நின்றுபோன மீட்டரை யாராவது ஒருநாள் கவனித்துவிடுவார்கள். பகலில் அதிகமாகவும் இரவில் பூச்சியமாகவும் ஓடி சராசரியில் தப்பித்துக்கொள்ளும் மீட்டரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

இதே நோய் வேறொரு வேடத்தில் பிஐடி கன்ட்ரோலிலும் வரும். அதன் இன்டக்ரல் பகுதியும் கூட்டிக்கொண்டே போகும் கணக்குதான். சொந்தமாக `REAL`-இல் எழுதிய ஒரு பிஐடி, ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை ஓடுகிறது. கெய்ன் 1, இன்டக்ரல் நேரம் 600 நொடி, வால்வு 50 சதவீதத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை ஒரு சதவீதம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் கூட்ட வேண்டியது 0.0000017. 50-க்குப் பக்கத்தில் `REAL`-இன் பாதி இடைவெளி 0.0000019. கூட்டல் நடக்கும், எண் மாறாது. அந்த ஒரு சதவீதக் குறை அப்படியே நிலைத்துவிடும். குறையைப் போக்கத்தானே இன்டக்ரலே இருக்கிறது! இங்கே ஸ்கேனை இன்னும் வேகமாக்கினால் சரியாகும் என்று முயல்வது இயல்பு. வேகமாக்க ஆக, ஒவ்வொரு முறையும் கூட்டும் துளி இன்னும் சிறிதாகி நிலைமை மோசமாகும். மெதுவாக்குவதுதான் மருந்து: 100 மில்லிநொடிக்கு ஒருமுறை ஓட்டினால் துளி நூறு மடங்கு பெரிதாகிவிடும், கூட்டல் உயிர்பெறும். பத்து நிமிட இன்டக்ரல் உள்ள ஒரு உலைக்கு ஒரு மில்லிநொடி ஸ்கேன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

தண்ணீர்க் கணக்குக்குத் திரும்புவோம். எஸ்7-1200, 1500 போன்ற புதிய பிஎல்சிகளில் 64 பிட் `LREAL` உண்டு; அதில் இந்தச் சிக்கல் நடைமுறையில் தலைகாட்டாது. பழைய எஸ்7-300-இல் அது கிடையாது. எங்கும் செல்லுபடியாகும் வழி, எண்ணிக்கைக்கு முழு எண்ணையே வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடாமல் இருப்பது. ஓட்டத்தை நொடிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று 32 பிட் முழு எண்ணான `DINT`-இல் வைத்துக்கொண்டால் மூன்று வரியில் முடிந்துவிடும்:

```
bal   := bal + flow_mlps;
litre := litre + bal / 10000;
bal   := bal MOD 10000;
```

நொடிக்குப் பத்து முறை இது ஓடுகிறது. எனவே `bal` 10,000 சேர்ந்தால் ஒரு லிட்டர் ஆகிவிட்டது என்று பொருள். முழு லிட்டர்கள் `litre`-க்குப் போகும், மிச்சம் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். 36 ஓடினாலும் 35 ஓடினாலும், முதல் நாளானாலும் மூன்றாம் வருடமானாலும், ஒரு துளியும் உருண்டு விழாது. திரைக்குக் கனமீட்டரில் வேண்டுமென்றால் கடைசியில் காட்டுவதற்கு மட்டும் 1000-ஆல் வகுத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை மாட்பஸ் வழியாக ஸ்காடாவுக்கு அனுப்பும்போது சௌகரியத்துக்காக `REAL` ஆக மாற்றி அனுப்புவார்கள். அங்கே பழைய கதை திரும்பும். 1,67,77,216 லிட்டருக்கு மேல் போனால் ஒற்றைப்படை எண்களே திரையில் வராது. பிஎல்சியில் உள்ள கணக்கு சரியாகத்தான் இருக்கும், பார்க்கிறவருக்குத் தெரிவது தோராயம். `DINT`-ஆகவே அனுப்பிவிடலாம்.

முழு எண்ணுக்குத் திரும்பியதால் முதலில் பார்த்த வரம்பும் கூடவே திரும்பி வருகிறது. `DINT` தாங்குவது 214 கோடியே சொச்சம். நொடிக்குப் பத்து லிட்டர் இடைவிடாமல் ஓடினால் 6.8 வருடம். அன்றைக்கு மொத்தக் கணக்கு மைனஸுக்குப் போகும், நிரலை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். இப்படி நாள்கணக்கில் ஒளிந்திருக்கும் வரம்பு எவ்வளவு பெரிய இடத்திலும் தப்பிவிடும் என்பதற்கு போயிங் 787 ஒரு சான்று. அந்த விமானத்தின் ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்டுகளுக்குள் ஒரு கவுன்ட்டர் இருந்தது. தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் அது வரம்பை மீறி, யூனிட் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். நான்கு முக்கிய யூனிட்டுகளும் ஒரே நேரத்தில் போடப்பட்டிருந்தால் நான்கும் ஒன்றாகவே போய், விமானம் ஏசி மின்சாரத்தை முழுதாக இழக்கக்கூடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் இதற்காக உத்தரவே போட்டது. மென்பொருள் திருத்தம் வரும்வரை, குறித்த நாளுக்குள் விமானத்தின் மின்சாரத்தை முழுதாக அணைத்துப் போட வேண்டும். நூறில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டே போனால் 32 பிட் முழு எண் 248.55 நாளில் நிரம்பும். நாள்கணக்கு அப்படியே பொருந்துகிறது.

நம் பம்ப் ஹவுஸுக்கு அணைத்துப் போடும் உத்தரவு தேவையில்லை. `litre` நூறு கோடியை எட்டியதும் நாமே அதிலிருந்து நூறு கோடியைக் கழித்துவிட்டு, பக்கத்தில் ஒரு தனி எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். வரம்பு எப்போது வரும் என்பது நம் கையில் இருக்கும்.

எந்த வழியில் எழுதியிருந்தாலும் சோதிக்க 29 நாளோ ஏழு வருடமோ காத்திருக்க வேண்டாம். பிஎல்சியின் ஆன்லைன் டேபிளில் மொத்தக் கணக்கின் மதிப்பைக் கையால் ஏற்றிவிட்டு நின்று பார்த்தால் போதும். `REAL`-இல் எழுதிய கணக்கில் 20,000 என்று ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மணிக்கு 36 ஓட்டத்தில் 6 கனமீட்டர் ஏற வேண்டும், 11.7 ஏறியிருக்கும். 33,000 ஏற்றினால் ஒன்றுமே ஏறாது. நூறு கோடியில் கழிக்கும்படி எழுதியிருந்தால் `litre`-இல் 99,99,99,950 என்று ஏற்றிவிடுங்கள். ஐந்து நொடியில் அது பூச்சியத்துக்குத் திரும்பி, பக்கத்து எண் ஒன்று கூடுகிறதா என்று தெரிந்துவிடும். அன்றைய உண்மையான அளவை முன்பே குறித்து வைத்துக்கொண்டு, சோதனை முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஏற்றிவிட வேண்டும்.